வெண்மை மங்கினால் நோய் முற்றியதா? நெஞ்சு சி.டி. பற்றிய தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

அந்தப் பெண் இரண்டு ஸ்கேன் உறைகளையும் என் மேசையில் அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் அவருடைய அப்பாவினுடையவை. அவருக்கு 61 வயது, மளிகைக் கடை வைத்திருப்பவர், சர்க்கரை உண்டு. 25 வருடம் சிகரெட் பிடித்துவிட்டு, 8 வருடத்துக்கு முன் நிறுத்தியவர். நிமோனியா வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருந்தார். முதல் ஸ்கேன் காய்ச்சல் தொடங்கிய 6ஆம் நாள் எடுத்தது. இரண்டாவதை, இருமல் இன்னும் விடவில்லையே என்று வீட்டார் தாங்களாகவே 23ஆம் நாளில் எடுத்திருந்தார்கள்.

"டாக்டர், மொத ஸ்கேன்ல வலது பக்கம் கீழ கன்சாலிடேஷன்னு போட்டிருந்தாங்க. இப்ப ரெண்டு பக்கமும் கிரவுண்ட் கிளாஸ்னு வந்திருக்கு. முன்னைவிடப் பரவியிருக்குன்னும் எழுதியிருக்கு. அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு ரெண்டு வாரம் ஆச்சு, நல்லா சாப்பிடுறார். உள்ளுக்குள்ள புதுசா ஏதாவது வந்திருச்சா?"

ரேடியாலஜிஸ்டாக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. 2020க்குப் பிறகு கிரவுண்ட் கிளாஸ் என்ற சொல் தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. அதன் பொருள் மட்டும் கூடவே நுழையவில்லை. அந்தக் குடும்பம் அன்று கொண்டுவந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நம்பிக்கை: கன்சாலிடேஷன் ஒரு நோய், கிரவுண்ட் கிளாஸ் இன்னொரு நோய்

இரண்டுமே நோயின் பெயர் இல்லை. படத்தில் தெரியும் வெண்மை எவ்வளவு அடர்த்தி என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர்கள், அவ்வளவுதான்.

சி.டி.யைக் கண்டுபிடித்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் காற்று −1000, தண்ணீர் 0. நன்றாக மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும் நல்ல நுரையீரல் ஏறக்குறைய −850இல் நிற்கும். நூற்றுக்கு 85 பங்கு காற்று, மிச்சம் திசுவும் இரத்தமும் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் கொஞ்சம் நீரோ சீழோ செல்களோ சேர்ந்தால், அல்லது அறைகளின் சுவர் வீங்கித் தடித்தால், அந்த எண் −500 பக்கம் வரும். அப்போது பாதி காற்று, பாதி மற்றவை. இதுதான் கிரவுண்ட் கிளாஸ். காற்று முழுக்க வெளியேறி அறைகள் நிரம்பிவிட்டால் எண் 0ஐ நெருங்கும், சில சமயம் தாண்டும். அது கன்சாலிடேஷன்.

ஆனால் அறிக்கை எழுதும்போது நாங்கள் எண்ணைப் பார்த்து முடிவு செய்வதில்லை, இரத்தக்குழாயைப் பார்க்கிறோம். குளியலறை ஜன்னலில் சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடி போட்டிருப்பார்கள் அல்லவா? அதன் வழியே வெளியே நிற்கும் மரத்தின் கிளை மங்கலாகவாவது தெரியும். கிரவுண்ட் கிளாஸ் என்ற பெயரே அந்தக் கண்ணாடியிலிருந்து வந்ததுதான். வெண்மூட்டத்தின் ஊடாக உள்ளே ஓடும் இரத்தக்குழாயின் விளிம்பு தெரிந்தால் அது கிரவுண்ட் கிளாஸ். குழாய் அந்த வெண்மைக்குள் மூழ்கிக் காணாமல் போனால் கன்சாலிடேஷன். உலகெங்கும் ரேடியாலஜிஸ்டுகள் பின்பற்றும் ஃப்ளைஷ்னர் சொசைட்டியின் சொல்லகராதியும் இந்த வேறுபாட்டைத்தான் கோடாக வைத்திருக்கிறது.

அந்தப் பெண்ணுக்குத் திரையிலேயே காட்டினேன். முதல் ஸ்கேனில் வலது கீழ்மடல் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளையாக இருந்தது. அதன் நடுவே கருப்பாகக் கிளை பிரிந்து ஓடிய கோடுகள், காற்று இன்னும் மிச்சமிருந்த மூச்சுக்குழல்கள். சுற்றியிருந்த அறைகள் நிரம்பியதால்தான் அந்தக் குழல்கள் அப்படித் தனித்துத் தெரிந்தன. பிறகு படத்தின் அமைப்பை மாற்றினேன். இதயம், நிணநீர்க்கட்டிகளைப் பார்க்க ஓர் அமைப்பு உண்டு. அதில் நுரையீரல் முழுவதும் கருப்பாகிவிடும். அந்த அமைப்பிலும் முதல் ஸ்கேனின் வெண்திட்டு அப்படியே நின்றது. இரண்டாவது ஸ்கேனுக்கு அதையே போட்டேன். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மூட்டம் முழுக்க மறைந்துவிட்டது.

"காணோமே!" என்றார்.

காணோம்தான். 6ஆம் நாள் நிரம்பிக் கிடந்த அறைகளில் 23ஆம் நாள் பாதிக் காற்று திரும்பிவிட்டது. கன்சாலிடேஷன் கரையும்போது பெரும்பாலும் கிரவுண்ட் கிளாஸ் வழியாகத்தான் கரையும். அதே சொல் நோயின் ஏறுமுகத்திலும் வரும், இறங்குமுகத்திலும் வரும். 3ஆம் நாள் மூட்டமாக இருந்தது 8ஆம் நாள் கெட்டி வெண்மையானால் நோய் ஏறுகிறது. கெட்டி வெண்மை மூன்றாம் வாரத்தில் மூட்டமானால் நோய் இறங்குகிறது. எந்த நாளில் எடுத்த படம், அதற்கு முந்தைய படத்தில் என்ன இருந்தது என்ற இரண்டும் தெரியாமல் இந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்ல முடியாது. அதனால்தான் ஸ்கேனுக்கு வருபவர்களிடம் காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்று விடாமல் கேட்கிறேன்.

அப்படியானால் "பரவியிருக்கு" என்று எழுதியது தவறா? தவறில்லை, ஆனால் பாதி உண்மை. அடர்த்தி குறையும்போதே பரப்பு கூடுவது நடக்கும். கொரோனாவின் முதல் ஆண்டில் சீன மருத்துவர்கள் இதைக் கவனித்து, கரையும் சர்க்கரைக்கு ஒப்பிட்டார்கள். நிமோனியாவில் காற்றில்லாமல் சுருங்கிக் கிடந்த பகுதி மறுபடி விரியும்போது மிச்சமிருக்கும் மூட்டமும் அதோடு விரிந்து அகலமாகத் தெரிகிறது. அளவுகோலை வைத்து அகலத்தை மட்டும் அளந்தால் நோய் பரவியதாகத் தோன்றும்.

இரண்டாவது ஸ்கேனில் இன்னொன்றும் இருந்தது. மூச்சுக்குழாயின் பின்சுவர் வெளிப்பக்கம் வளைந்திருப்பதற்குப் பதிலாக உள்பக்கம் தட்டையாக அமுங்கியிருந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்காமல், விட்ட நிலையில் படம் எடுக்கப்பட்டதற்கு அது அடையாளம். மூச்சை விட்டால் அறைகளில் காற்று குறையும், நல்ல நுரையீரல்கூட மூட்டமாகத் தெரியும். இருமல் இருப்பவரால் பத்து நொடி மூச்சைப் பிடிக்க முடியாததில் வியப்பில்லை. இடது பக்கம் புதிதாக வந்ததாக எழுதியிருந்த மூட்டத்தில் பெரும்பகுதி அந்த மூச்சால் வந்தது. தொற்று அங்கே போகவே இல்லை.

நம்பிக்கை: நிழல் இருக்கும்வரை கிருமி இருக்கிறது, ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தக் கூடாது

அவர்கள் வந்த அன்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய லீவோஃப்ளாக்சசின் ஐந்தாவது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஸ்கேன் அறிக்கையைப் பார்த்த பயத்தில் தொடங்கியது.

ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும். செத்த பாக்டீரியாவையும் சீழையும் புரதத்தையும் அப்புறப்படுத்துவது உடம்பின் துப்புரவுச் செல்களின் வேலை. அந்த வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும், மருந்து கூட்டினால் வேகமாக நடக்காது. நிமோனியா வந்தவர்களை எக்ஸ்ரே எடுத்துத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், இரண்டு வாரத்தில் நிழல் முழுக்க மறைந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர், நான்கு வாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், புகைத்தவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட மடல்களில் நிமோனியா வந்தவர்கள் இன்னும் மெதுவாகத்தான் தெளிவார்கள். மளிகைக் கடைக்காரருக்கு இவற்றில் மூன்று பொருந்தின. 23ஆம் நாளில் அவருடைய படம் சுத்தமாக இருந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

மருந்து வேலை செய்கிறதா என்பதைக் காய்ச்சல், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, பசி ஆகியவைதான் முதலில் சொல்லும். படம் எப்போதும் பின்னால்தான் வரும்.

லீவோஃப்ளாக்சசின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் இது சாதாரணத் தவறில்லை. தெளியாத நிமோனியா என்றால் நமக்கு முதலில் வர வேண்டிய சந்தேகம் காசநோய். லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடிக்கும். இருமல் தணியும், எடை கொஞ்சம் ஏறும், சளிப் பரிசோதனையில் கிருமி சிக்காமல் போகலாம். நோய் மட்டும் உள்ளே இருந்துகொண்டு சில வாரம் கழித்துத் தலை தூக்கும். அதற்குள் அந்த மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறியிருக்கலாம். காசநோய்க்கு வைத்திருக்கும் முக்கியமான மருந்துகளில் ஒன்று இப்படி வீணாகிறது.

மார்புநோய் மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, சளியை சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பினார். அரசு மையத்தில் இலவசமாகச் செய்கிறார்கள். காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தது. படத்திலும் காசநோய் விரும்பும் மேல்மடலில் குழிவிழுந்த திட்டோ, மொட்டுவிட்ட கிளைபோன்ற சிறு புள்ளிகளோ இல்லை. இரண்டும் ஒத்துப்போனதால் காத்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தோம்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு, அதையும் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லி அனுப்பினோம். விட்ட காய்ச்சல் திரும்பினால், சளியில் இரத்தம் வந்தால், எடை குறைந்துகொண்டே போனால், வீட்டுக்குள் நடக்கும்போதே விரல் கருவியில் ஆக்சிஜன் இறங்கினால் அன்றே வர வேண்டும். கன்சாலிடேஷன் மூட்டமாகக் கரையாமல் வாரக்கணக்கில் அப்படியே நின்றாலோ, ஒரு இடத்தில் மறைந்து வேறு இடத்தில் முளைத்தாலோ அதுவும் எச்சரிக்கைதான். இடம் மாறும் திட்டுகள் ஆர்கனைசிங் நிமோனியாவாக இருக்கலாம். அது தொற்று ஆறிய பிறகு நுரையீரல் தானே கிளப்பும் அழற்சி, அதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது, ஸ்டீராய்டு வேண்டும். இடம் மாறாமல் நிற்கும் வெண்மைக்குப் பின்னால் சில சமயம் நிமோனியா வேடத்தில் வரும் ஒருவகைப் புற்றுநோய் இருக்கும். இவற்றையெல்லாம் கடைசி வார்த்தையாகச் சொல்வது ஊசி போட்டு எடுக்கும் திசுதான், படம் இல்லை.

நம்பிக்கை: ஃபைப்ரோசிஸ் என்று எழுதிவிட்டால் நுரையீரல் போனது போனதுதான்

இரண்டாவது அறிக்கையின் கடைசி வரியில் "ஃபைப்ராட்டிக் பேண்ட்ஸ்" என்று இருந்தது. அந்தப் பெண் அதைத் தேடிப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை என்றார்.

கன்சாலிடேஷன் ஆறும்போது நுரையீரலில் மெல்லிய பட்டைக் கோடுகள் விழுவது வழக்கம். மூச்சுக்குழல்கள்கூடச் சற்று விரிந்து தெரியலாம். நிரந்தரத் தழும்பிலும் இவை தெரியும், ஆறிக்கொண்டிருக்கும் நுரையீரலிலும் தெரியும். மூன்றாம் வாரத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. கடுமையான கொரோனா நிமோனியாவிலிருந்து மீண்ட 83 பேரைச் சீனாவில் ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். மாதம் ஏற ஏறப் படங்கள் தெளிந்துகொண்டே வந்து, ஓராண்டு முடிவில் மாற்றம் மிச்சமிருந்தது 20 பேரிடம் மட்டும்தான். அந்த மிச்சமும் பெரும்பாலும் லேசானது.

தழும்பு என்று நான் தயங்காமல் எழுதுவது வேறு படத்தைப் பார்த்து. மடல் சுருங்கி, அதன் எல்லைக்கோடு இழுபட்டு, மூச்சுக்குழல்கள் முறுக்கிக்கொண்டு விரிந்து, தேன்கூடுபோல அறைகள் அடுக்கடுக்காக நிற்க வேண்டும். அதுவும் இடைவெளிவிட்டு எடுத்த இரண்டு படங்களில் மாறாமல் நிற்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் அந்தச் சொல்லை அறிக்கையில் எழுதாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. எழுதுபவருக்கு அது ஒரு வரி. படிப்பவருக்குத் தீர்ப்பு.

நம்பிக்கை: சுத்தமாகும்வரை மாதாமாதம் சி.டி. எடுத்துப் பார்க்க வேண்டும்

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு. 2021 மே மாதம், இரண்டாம் அலையின் நடுவே, எய்ம்ஸின் அப்போதைய இயக்குநர் ரன்தீப் குலேரியா ஒரு சி.டி. 300 முதல் 400 எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்றார். தேவையில்லாமல் ஸ்கேன் எடுத்துக் குவித்ததைத் தடுக்கத்தான் சொன்னார். இந்திய ரேடியாலஜிஸ்டுகளின் சங்கம் அந்தக் கணக்கை மறுத்தது. அதன்பிறகு சி.டி. என்றாலே ஓடுபவர்களும் உண்டு.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஸ்கேன் குறுந்தட்டில் கடைசிப் பக்கமாக ஒரு டோஸ் அட்டவணை இருக்கும், அதில் DLP என்ற எண் இருக்கும். பெரியவர்களின் நெஞ்சு ஸ்கேனுக்கு அதை 0.014ஆல் பெருக்கினால் மில்லிசீவர்ட்டில் கதிர்வீச்சு கிடைக்கும். கடைக்காரரின் முதல் ஸ்கேனில் DLP 310. பெருக்கினால் 4.3 மில்லிசீவர்ட். நின்றபடி எடுக்கும் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே ஏறக்குறைய 0.02. ஆக அந்த ஸ்கேன் 200 எக்ஸ்ரேக்கு மேல். ஆனால் அதே கருவியில் குறைந்த டோஸில் எடுத்தால் DLP 80க்கு இறங்கும், அதாவது 1.1 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகில் ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் வந்து சேர்கிறது. தேவையான ஒரு ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கேள்வியே இல்லாமல் எடுக்கும் ஸ்கேன்தான் நட்டம், 23ஆம் நாள் ஸ்கேன் அப்படிப்பட்டது. அது எந்த முடிவையும் மாற்றவில்லை, தேவையில்லாத மாத்திரையைத்தான் கொண்டுவந்தது.

அப்படியானால் எப்போது எடுப்பது? ஐந்து முதல் ஏழு நாளில் குணமாகிவிட்டவர்களுக்கு மறுபடி படமே தேவையில்லை என்கிறது 2019இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். தொந்தரவு நீடிப்பவர்கள், 50 வயதைத் தாண்டியவர்கள், புகைத்தவர்கள் ஆகியோருக்கு மட்டும் ஆறாவது வார அளவில் ஒரு எக்ஸ்ரே போதும் என்கிறார்கள் பிரிட்டிஷ் மருத்துவர்கள். சி.டி. இல்லை, எக்ஸ்ரே. இந்த எக்ஸ்ரேயின் நோக்கம் நிமோனியா ஆறியதா என்று பார்ப்பதைவிட, அதன் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான். ஆறாவது வாரம் என்று வைத்ததற்கும் அதுதான் காரணம். அதற்கு முன் எடுத்தால் ஆறாத நிழலும் ஒளிந்திருப்பதும் ஒன்றாகவே தெரியும். கொரோனா நிமோனியா கடுமையாக வந்தவர்களுக்கு இதே படம் 12ஆம் வாரம். அப்போதும் நிழல் இருந்தால், அல்லது நடந்தால் மூச்சு வாங்கினால், சி.டி.யோடு நுரையீரல் திறன் பரிசோதனையும் செய்கிறார்கள்.

கடைக்காரருக்கு ஆறாவது வார எக்ஸ்ரே ஏறக்குறைய சுத்தமாக வந்தது. இருமலும் நின்றிருந்தது. வேறு ஒருவராக இருந்தால் அங்கேயே முடித்திருப்பேன்.

ஆனால் அவர்கள் வந்த அன்றே இரண்டு ஸ்கேனையும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பார்த்தபோது, இரண்டு அறிக்கையிலும் இல்லாத ஒன்று கண்ணில் பட்டிருந்தது. நிமோனியாவே வராத இடது மேல்மடலில் 11 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறிய மூட்டம். அதன் நடுவே 4 மில்லிமீட்டர் கெட்டி வெண்மை. முதல் ஸ்கேனிலும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. வலது கீழ்மடலின் பெரிய வெண்மை எல்லார் கண்ணையும் இழுத்துக்கொண்டதில் இது தப்பியிருந்தது. எக்ஸ்ரேயில் இவ்வளவு சிறியது தெரியாது.

கிரவுண்ட் கிளாஸ் என்ற அதே சொல்லின் இன்னொரு முகம் இது. பரவிக் கிடக்கும் மூட்டம் தொற்றில் வரும், தொற்றோடு போகும். எல்லை தெளிந்த ஒற்றை மூட்டம் மாதக்கணக்கில் போகாமல் நின்றால், மெதுவாக வளரும் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம். நிமோனியா சமயத்தில் பார்த்ததால் இதுவும் தொற்றின் திட்டாக இருந்து மறையவும் கூடும். அதனால் ஊசியோ அறுவையோ இல்லாமல் முதலில் காலத்திடம் விட வேண்டும். நடுவில் கெட்டிப் பகுதி உள்ள இப்படிப்பட்ட திட்டுக்கு 3 முதல் 6 மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் என்பது ஃப்ளைஷ்னர் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதல்.

காய்ச்சல் தொடங்கி நான்கு மாதம் கழித்து எடுத்தோம். குறைந்த டோஸ், ஒரு மில்லிமீட்டர் துண்டுகள், முன்கூட்டியே மூச்சுப் பிடிக்கப் பழக்கியது. தடித்த ஐந்து மில்லிமீட்டர் துண்டுகளில் கெட்டிப் பகுதி மூட்டத்தோடு கலந்து காணாமல் போகும் என்பதால் துண்டின் தடிமனைக் கேட்டு வாங்கினேன். வலது கீழ்மடல் தெளிந்துவிட்டது. ஃபைப்ராட்டிக் பேண்ட்ஸ் என்று எழுதியிருந்த கோடுகளில் ஒன்று மட்டும் நூல்போல மிச்சம். இடது மேல்மடலின் திட்டு அப்படியே இருந்தது. 11 மில்லிமீட்டர், நடுவில் 4.

மறையாததால் அது தொற்று இல்லை. கெட்டிப் பகுதி 6 மில்லிமீட்டரை எட்டாததால் உடனே கத்தி எடுக்க வேண்டிய நிலையும் இல்லை. ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து ஆண்டு ஸ்கேன், கெட்டிப் பகுதி வளர்ந்தால் மட்டும் அறுவை நிபுணர் என்று மார்புநோய் மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்தோம்.

"அப்பாகிட்ட எப்படிச் சொல்றது, டாக்டர்?" என்று கேட்டார் அந்தப் பெண்.

அப்பாவையே உள்ளே கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். சர்க்கரை மூட்டையில் கலப்படம் பார்ப்பவரைப்போலக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இது வளந்தா தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். கடைக் கணக்குப் புத்தகம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, அடுத்த ஆண்டின் மாதத்தைக் குறித்துக்கொண்டார். மூன்று குறுந்தட்டுகளையும் ரப்பர் போட்டுக் கட்டி, அதே பையில் வைத்தார்.